ஒரு தொகை நடந்து வந்த வழி

இது ஒரு தொகையின் வரலாறு. திருவள்ளூரில் ஒரு சமரச அறையில் 14 லட்சம் ரூபாயாகப் பிறந்து, பத்து நாள் கழித்து 12.5 லட்சமாகக் கையெழுத்தானது. நடுவே அது எத்தனையோ முறை ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போய் வந்தது. ஒவ்வொரு முறையும் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் இருவர். சமரசர் ஒருவராக இல்லாமல் இருவராக இருந்தால் ஒரு தொகைக்கு வழியில் என்ன நேர்கிறது என்பதுதான் இங்கே சொல்ல வந்தது.

சமரசத்தில் பேசியது வெளியே வரக்கூடாது என்பது சட்டம். அதனால் உண்மையான கோப்பு எதையும் திறந்து காட்ட முடியாது. வழக்கும் அதன் எண்களும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. அது கடந்து போகும் சட்டமும் படிவமும் பட்டறைச் சிக்கலும் உள்ளபடியே.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு சிறிய வார்ப்படப் பட்டறை. அது பம்ப் உடல்களை வார்த்து, திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் தொழிற்பேட்டையில் பம்ப் பூட்டும் ஒரு நிறுவனத்துக்கு அனுப்புகிறது. மொத்த பில் 42 லட்சம், வந்தது 24 லட்சம், பாக்கி 18 லட்சம். பணம் கேட்டால் டெபிட் நோட் வருகிறது. கடைசலில் ஏற்றியபோது 300 உருப்படிகளில் துளை தெரிந்ததாம். உருப்படி 2,000 ரூபாய் வீதம் 6 லட்சம், வீணான கடைசல் கூலி 2.5 லட்சம். ஆக, தான் தர வேண்டியது 9.5 லட்சம்தான், அதுவும் பத்துத் தவணையில் என்கிறார் பம்ப்காரர். வார்ப்புக்காரர் 18 லட்சத்தோடு வட்டியும் கேட்கிறார். குறு, சிறு தொழிலுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, தாமதித்த பணத்துக்குப் பாங்கு வீதத்தைப் போல மும்மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. பம்ப்காரரைத் தூங்க விடாதது அந்த வட்டிதான்.

3 லட்சமோ அதற்கு மேலோ மதிப்புள்ள வணிக வழக்கில், அவசர இடைக்கால உத்தரவு தேவையில்லை என்றால், முதலில் சமரசத்துக்கு வந்தாக வேண்டும். வணிக நீதிமன்றச் சட்டத்தின் 12ஏ பிரிவு அப்படிச் சொல்கிறது. இது கட்டாயம் என்று 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 1,000 ரூபாய் கட்டி, முதல் படிவத்தை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கொடுக்கிறார் வார்ப்புக்காரர். விதிகள் ஒரு சமரசரை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை. இந்த வழக்கிலோ சட்டமும் உண்டு, இரும்பும் உண்டு. அதனால் இரு தரப்பின் ஒப்புதலோடு இருவர் அமர்கிறார்கள். ஒருவர் சமரசப் பயிற்சி பெற்ற பெண் வழக்கறிஞர், நாற்பதைக் கடந்தவர். மற்றவர் வார்ப்படத் துறையிலேயே பணியாற்றி ஓய்வு பெற்ற பொறியாளர், அவரும் பயிற்சி பெற்றவர்.

இருவர் அமர்வது புதிது அல்ல. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005 ஏப்ரல் 9 அன்று சமரச மையம் தொடங்கியது. நாட்டில் நீதிமன்றத்தோடு இணைந்து வந்த முன்னோடி மையம் அது. அதை அமைப்பதில் முன்நின்ற மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சுவையும் குஜராத் வழக்கறிஞர் நிரஞ்சன் பட்டையும், அசாம் - நாகாலாந்து எல்லைத் தகராறில் இணை சமரசர்களாக 2010இல் உச்ச நீதிமன்றம் நியமித்தது. இலங்கையின் மத்தியஸ்த சபைகளில் வழி வேறு. 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, தகராறில் உள்ள ஒவ்வொருவரும் குழுவிலிருந்து ஒரு மத்தியஸ்தரைத் தேர்ந்தெடுக்க, அந்த இருவரும் மூன்றாமவரைத் தேர்வார்கள். மூன்றாமவர் இருப்பதால் அங்கே அது நிற்கிறது. வெறும் இருவர் மட்டும் அமரும் இடத்தில் ஆளுக்கொருவராகத் தேர்ந்தெடுக்க விட்டால், உள்ளே நுழையும் முன்பே "இவர் என் ஆள், அவர் உன் ஆள்" என்றாகிவிடும். காக்களூர் வழக்கில் இருவரையுமே இரு தரப்பும் சேர்ந்து ஏற்றார்கள். சமரசக் கட்டணத்தை எப்போதும்போல் இரு தரப்பும் பாதிப் பாதி கொடுத்தார்கள்.

தொகை பிறப்பதற்கு முன்னால் அரை மணி நேர வேலை ஒன்று உண்டு. பலர் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள். இணை சமரசம் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான் என்பேன். கட்சிக்காரர்கள் வருமுன் இருவரும் தனியாக உட்கார்ந்து, யார் தொடங்குவது, யார் எழுதுவது, இரும்பைப் பற்றி யார் கேட்பது, பணத்தைப் பற்றி யார் கேட்பது என்று பேசி வைத்துக்கொள்ள வேண்டும். இந்த இருவரும் எடுத்த முடிவில் ஒரு நுட்பம் இருந்தது. நம் ஊரில் நரைத்த தலை ஒன்று அறையில் இருந்தால் எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பித்தான் பேசுவார்கள். பக்கத்தில் பெண் இருந்தால், எழுதிக்கொள்ள வந்தவர் என்று நினைத்துவிடுவார்கள். அதனால் பணம், வட்டி, தவணை பற்றிய எல்லாக் கேள்வியையும் வழக்கறிஞர் கேட்பது என்று வைத்தார்கள். முதல் அமர்வில் குறிப்பேடு பொறியாளர் கையில் இருந்தது.

உட்காரும் இடமும் அப்போதே முடிவானது. இருவரும் அடுத்தடுத்து, நாற்காலிகளைச் சற்றே உள்நோக்கித் திருப்பி, ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியும்படி அமர்ந்தார்கள். ஒருவர் வார்ப்புக்காரர் பக்கத்திலும் இன்னொருவர் பம்ப்காரர் பக்கத்திலும் உட்கார்ந்துவிட்டால் மேசையில் இரண்டு அணிகள் உருவாகிவிடும். பிறகு யார் எவ்வளவு நடுநிலையாகப் பேசினாலும் அது எடுபடாது.

சைகைகள் மூன்றே மூன்று. பேனாவை மூடிக் குறிப்பேட்டின் மேல் படுக்க வைத்தால், "நான் உள்ளே வர வேண்டும்". தண்ணீர் டம்ளரை நகர்த்தினால், "வேகம் குறையட்டும்". மூன்றாவதில் சைகையே கிடையாது, வாய் திறந்து சொல்வது: "சார், நாம ரெண்டு பேரும் அஞ்சு நிமிஷம் வெளியே பேசிட்டு வரலாமா?" அதற்கு மேல் சைகை வைத்தால் அதை நினைவில் வைப்பதிலேயே கவனம் போய்விடும். எதிரே இருப்பவர்கள் கண்ணிலும் பட்டுவிடும். இரண்டு சமரசர்கள் கண்ணால் பேசிக்கொள்வதைக் கண்ட கட்சிக்காரர், தனக்கெதிராக ஏதோ நடப்பதாகவே எடுத்துக்கொள்வார். ஆகவே, எந்த வரிசையில் போவது, எப்போது பிரிந்து பேசுவது என்பதையெல்லாம் இருவரும் எல்லோர் முன்னும் உரக்கவே பேசிக்கொள்ளலாம், கருத்து வேறுபட்டாலும் பாதகமில்லை. யார் சொல்வது சரி என்பதைப் பற்றி மட்டும் கட்சிக்காரர் முன் இருவரும் வாய் திறக்கக் கூடாது.

முதல் கூட்டு அமர்வில் தொகை இன்னும் பிறக்கவில்லை. 18 லட்சமும் வட்டியும் ஒரு பக்கம், 9.5 லட்சமும் பத்துத் தவணையும் மறு பக்கம். பேச்சு பட்டறை மண்ணின் ஈரப்பதத்தைத் தொட்டதும் பொறியாளரின் முகம் மாறியது. அனுபவம் உள்ளவர் அல்லவா, காரணம் அவருக்குப் பாதி தெரிந்துவிட்டது. "இது மோல்டுல இருந்த..." என்று தொடங்கும்போதே பக்கத்தில் பேனா படுத்தது. அவர் நிறுத்திக்கொண்டார். வழக்கறிஞர் அதே பொருளைக் கேள்வியாக மாற்றினார்: "துளை எங்கே இருந்தது, எப்படி இருந்தது என்று நீங்க ரெண்டு பேருமே பார்த்திருக்கீங்களா?"

நிபுணர் ஒருவர் இணை சமரசராக அமரும்போது இருக்கும் பெரிய ஆபத்து இதுவே. அவர் ஒரு வாக்கியத்தில் காரணத்தைச் சொல்லிவிட்டால் அந்த நிமிடமே நீதிபதியாகிவிடுவார். தோற்றவர் எழுந்து போய்விடுவார். அவருடைய அறிவு கேள்வியாக மட்டுமே வெளிவர வேண்டும். நிபுணருக்கே அது எளிதில் வராது, அதைப் பார்த்துக்கொள்ளத்தான் பக்கத்தில் இன்னொருவர்.

அந்தக் கேள்விக்குப் பதில் வந்தபோது, இருவருமே எல்லா உருப்படிகளையும் பார்க்கவில்லை என்று தெரிந்தது. பொறியாளர் தொடர்ந்து கேட்டார். துளையின் உட்சுவர் வழவழப்பா, சொரசொரப்பா? மேற்பரப்பை ஒட்டியா, கனமான பகுதிக்கு உள்ளேயா? வார்ப்படம் அறிந்தவர்களுக்கு இதன் பொருள் தெரியும். வாயு சிக்கி வரும் துளை வழவழப்பாக, பெரும்பாலும் மேற்பரப்பை ஒட்டி இருக்கும். இரும்பு குளிரும்போது சுருங்கி விழும் குழி சொரசொரப்பாக, கனம் மிகுந்த இடத்தில், கடைசியாக உறையும் பகுதியில் இருக்கும். முன்னது பெரும்பாலும் பட்டறையின் மண்ணையும் வார்ப்பையும் பார்த்துப் போகும். பின்னதில் வார்ப்பு முறைக்கும் பங்கு உண்டு, பாகத்தின் வடிவத்துக்கும் பங்கு உண்டு. இந்த வழக்கில் வரைபடமும் பேட்டர்னும் பம்ப்காரருடையவை.

பிறகு தனி அமர்வு. இருவரும் சேர்ந்தே முதலில் வார்ப்புக்காரர் இருந்த அறைக்குப் போனார்கள். நேரம் மிச்சமாகும் என்று ஆளுக்கொரு அறைக்குப் பிரிந்து போகும் ஆசை எப்போதும் வரும். பிரிந்தால் ஒவ்வொருவரும் தாம் இருந்த அறையின் வருத்தத்தை மட்டுமே கேட்டு, மெல்ல அந்த அறையின் தூதராகிவிடுவார். வேறு வழியில்லாமல் பிரிந்தே ஆக வேண்டுமென்றால், இரண்டாம் சுற்றில் அறை மாறிக்கொள்ள வேண்டும்.

அந்த அறையில்தான் தொகை பிறந்தது. வார்ப்புக்காரர் குரல் தாழ்த்தி, "14 வரைக்கும் இறங்குவேன் மேடம். ஆனா மொத்தமா வேணும், இந்த மாசத்துக்குள்ள. கரன்ட் பில் கட்டணும், இல்லேன்னா உலை நின்னுடும்" என்றார். எழுந்து போகுமுன் வழக்கறிஞர், எதை வெளியே சொல்லலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"குறைக்கத் தயார்னு சொல்லலாமா?"

"சொல்லுங்க."

"14ங்கிற நம்பர்?"

"இப்ப வேணாம்."

"மாசக் கடைசி, கரன்ட் பில்?"

"அதைச் சொல்லவே கூடாது மேடம்."

பொறியாளர் மூன்றையும் குறிப்பேட்டில் தனித்தனி வரியாக எழுதி, வாசித்தும் காட்டினார். ஆகத் தொகை பிறந்துவிட்டது. ஆனால் அறையை விட்டு வெளியே வர அதற்கு இன்னும் அனுமதி இல்லை.

தவறு அடுத்த அறையில் நடந்தது. அங்கே பம்ப்காரர் தன் சிரமங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு உதவ நினைத்த பொறியாளர், "மாசக் கடைசிக்குள்ள ஏதாவது செய்ய முடிஞ்சா நல்லது சார்" என்றார். பம்ப்காரரின் கண்கள் சுருங்கின. "அப்போ அவருக்குப் பணம் அவசரம், அப்படித்தானே?"

எண்ணைச் சொல்லவில்லை, கரன்ட் பில்லைச் சொல்லவில்லை. ஆனாலும் ரகசியம் கசிந்துவிட்டது. சமரசத்தில் ரகசியம் பெரும்பாலும் இப்படித்தான் கசிகிறது, நல்லெண்ணத்தில், ஒரு துணைச் சொல்லாக. வழக்கறிஞர் மறுக்கவும் இல்லை, சமாளிக்கவும் இல்லை. "சார், நாம ரெண்டு பேரும் அஞ்சு நிமிஷம் வெளியே பேசிட்டு வரலாமா?" என்றார்.

தாழ்வாரத்தில் நடந்த பேச்சு சுருக்கமானது. யார் குற்றம் என்று அவர்கள் பேசவில்லை. வார்ப்புக்காரரிடம் சொல்வதா வேண்டாமா என்பதே கேள்வி. சொல்லாமல் விட்டால், எதிர்த்தரப்பு திடீரென இறுகுவதைப் பார்த்து அவரே ஊகித்துவிடுவார். அப்போது இருவர் மீதும் நம்பிக்கை போகும். "சொன்னது நான், நானே சொல்றேன்" என்றார் பொறியாளர். வழக்கறிஞர் இன்னொன்றையும் சொன்னார்: "சார், இந்த அறையில இருபது நிமிஷம்தான் இருந்தோம், அந்த அறையில நாற்பது. அதையும் சரி செய்யணும்." அறைகளில் செலவிடும் நேரத்தைக் குறித்து வைப்பதும் குறிப்பேடு வைத்திருப்பவர் வேலை. வெளியே காத்திருப்பவர் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.  கும்மிடிப்பூண்டியிலிருந்து அவ்வளவு தூரம் வந்த வார்ப்புக்காரருக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

செய்தி கேட்டு வார்ப்புக்காரர் கொதித்தார். அந்த நேரத்தில் வழக்கறிஞர் நடந்துகொண்ட விதத்தை இணை சமரசம் பழகுகிற எல்லோரும் கவனிக்க வேண்டும். சகாவைக் காக்கவும் இல்லை, கைவிடவும் இல்லை. "இதுக்கு மேல எங்ககிட்டப் பேச வேணாம்னு தோணுச்சுன்னா அதுவும் உங்க உரிமை. பேசறதா இருந்தா, இப்ப எது வெளியே போகலாம்னு திரும்ப முதல்லேருந்து முடிவு பண்ணுவோம்" என்றார். சிறிது நேரம் கழித்து வார்ப்புக்காரரே கணக்குப் போட்டார். அவசரம் தெரிந்துவிட்டது, இனி எண்ணை ஒளித்து வைத்து என்ன பயன்? "14ன்னு சொல்லிடுங்க. ஆனா அவர் அந்த 300 உருப்படியையும் காட்டணும்."

அப்படித்தான் தொகை முதல் முறையாகத் தாழ்வாரத்தைக் கடந்தது. பம்ப்காரர் உடனே ஏற்கவில்லை. ஆனால் உருப்படிகளைக் காட்டச் சம்மதித்தார். அதுவரை அவர்கள் எண்ணிக்கை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், கண்ணால் பார்த்ததைப் பற்றிப் பேசவில்லை.

ஒரு வாரம் கழித்து காக்களூர் முற்றத்தில் இரு தரப்பும் சேர்ந்து 300 உருப்படிகளையும் பிரித்தார்கள். சமரசர்கள் போகவில்லை. பொறியாளர் அங்கே நின்றால் எல்லோரும் அவர் முகத்தையே பார்ப்பார்கள் என்று வேண்டுமென்றே தவிர்த்தார்கள். வழவழப்பான துளை உள்ளவை 180, சொரசொரப்பான குழி உள்ளவை 120 என்று இருவரும் கையெழுத்திட்ட தாள் வந்தது.

இரண்டாம் அமர்வில் பொறுப்புகளை மாற்றிக்கொண்டார்கள். குறிப்பேடு இப்போது வழக்கறிஞரிடம். உருப்படியைப் பற்றிய பேச்சைப் பொறியாளர் நடத்தினார், கேள்விகளால் மட்டுமே. 180க்கான 3.6 லட்சத்தை வார்ப்புக்காரர் ஏற்றார். 120க்கான 2.4 லட்சத்தில் பாதிப் பாதி என்ற யோசனை பம்ப்காரரிடமிருந்தே வந்தது. பேட்டர்ன் தன்னுடையது என்பது அவருக்குத் தெரியும். பாக்கி 13.2 லட்சம். இப்போது கடைசல் கூலியில் சிக்கியது. பம்ப்காரர் 180 உருப்படிக்குமான கூலியைக் கேட்டார், ஏறக்குறைய 1.5 லட்சம். வார்ப்புக்காரர் ஒரு ரூபாய்கூடத் தர மறுத்தார்.

குரல்கள் உயர்ந்தன. வழக்கறிஞர் டம்ளரை நகர்த்தினார். பொறியாளர் வேகத்தைக் குறைத்து, யாரும் கேட்டிராத ஒன்றைக் கேட்டார்: "அந்த 300 உருப்படி இப்ப யார்கிட்ட இருக்கு? அதை என்ன செய்யப் போறீங்க?" கழித்த இரும்பு பம்ப்காரரின் முற்றத்தில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. வார்ப்புக்காரருக்கோ அது உலையில் போடும் சரக்கு. சொந்தச் செலவில் லாரி வைத்து 300ஐயும் திரும்ப எடுத்துக்கொள்வதாகவும், கூலியில் 70,000 கழித்துக்கொள்ளலாம் என்றும் அவர் சொன்னார். 13.2 லட்சம் 12.5 லட்சமானது. பத்துத் தவணை போய், 7 நாளில் 6 லட்சமும் பின் இரண்டு மாதங்களில் சமமாக 6.5 லட்சமும் என்று நின்றது. தவணை தவறாவிட்டால் வட்டி இல்லை.

தொகை கையெழுத்துக்கு வந்தபோது இன்னொரு பொறி காத்திருந்தது. 12.5 லட்சம் ஜிஎஸ்டியோடா, அது இல்லாமலா? பேசிக் களைத்த நேரத்தில் யாருக்கும் இது தோன்றாது. குறைந்த 5.5 லட்சத்துக்கு வார்ப்புக்காரர் கிரெடிட் நோட் கொடுக்க வேண்டும். அதில் வரியைக் குறைத்துக்கொள்ள, பில் போட்ட நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30க்குள் அதைக் கணக்கில் காட்டியாக வேண்டும். பம்ப்காரர் அந்த அளவுக்குத் தான் எடுத்த வரிச்சலுகையைத் திருப்ப வேண்டும். ஒரு சமரசர் எழுதிக்கொண்டிருக்க, மற்றவர் எழுதுவதை ஒவ்வொரு தரப்பின் கண்ணோடும் படித்ததால் இது பிடிபட்டது. முதலில் வார்ப்புக்காரராக நினைத்துக்கொண்டு ஒரு முறை, பிறகு பம்ப்காரராக நினைத்துக்கொண்டு ஒரு முறை. "வரி உட்பட" என்ற இரண்டு சொற்களும் கிரெடிட் நோட் தேதியும் சேர்ந்தன.

குறிப்பேட்டின் பக்கங்களை இருவரும் அவர்கள் முன்னாலேயே கிழித்தார்கள். ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையெழுத்திட்டார்கள். 12ஏ வழியில் வரும் ஒப்பந்தத்துக்கு, நடுவர் மன்றச் சட்டத்தின் 30(4) பிரிவின் கீழ் வரும் தீர்ப்புக்குரிய அதே மதிப்பு உண்டு. தவணை தவறினால் புது வழக்குப் போடாமல் நேராக நிறைவேற்றக் கேட்கலாம்.

இருவர் அமர்ந்தால் செலவு கூடும், இருவருக்கும் ஒத்துவரும் தேதி கிடைக்காது, முன்பேச்சு இல்லாத இருவர் ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்வார்கள். வெறும் பாக்கி வசூல் என்றால் ஒருவரே போதும். ஆனால் சிப்காட்டில் வரும் தகராறுகளில் பல, உருப்படியின் குறையும் பாக்கியும் பின்னிக்கிடப்பவை. அப்படிப்பட்ட ஒன்றில் நீங்கள் இருந்தால், இரண்டாவதாகத் துறை அறிந்த சமரசர் ஒருவரையும் சேர்க்க எதிர்த்தரப்பு சம்மதிக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். சம்மதித்தால், அந்த இருவரிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள்: அறைகளுக்குச் சேர்ந்தே போவீர்களா? நான் சொல்வதில் எதை வெளியே சொல்லலாம் என்று, எழுந்து போகுமுன் என்னிடம் வாசித்துக் காட்டுவீர்களா?